பயிற்சி உரையிலிருந்து பாடக்குறிப்பு வார்ப்புரு: கேட்டதைக் கேள்வியாக மாற்றும் முறை

குறுவள மையத்தில் ஒரு நாள் பயிற்சி. பாடத்தை எப்படி வடிவமைப்பது என்று கருத்தாளர் ஒரு மணி நேரம் பேசுகிறார். நல்ல உரைதான், எல்லோரும் நான்கைந்து பக்கம் குறிப்பு எடுக்கிறார்கள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை எழுதும் பாடக்குறிப்பு, போன மாதம் எழுதியது போலவே இருக்கிறது. இதை ஆசிரியரின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. உரை முழுக்க கூற்றுகள்: "இப்படிச் செய்ய வேண்டும்", "இதனால்தான் இது முக்கியம்". பாடக்குறிப்பு எழுதுகிறவருக்கு வேண்டியவை முடிவுகள்: நாளை மூன்றாவது பீரியடில் எந்தக் கணக்கைக் கொடுப்பது, யார் எங்கே தடுக்கி விழுவார்கள், நேரம் போதாவிட்டால் எதை விடுவது. கூற்றுகளை இந்த முடிவுகளைக் கேட்கும் கேள்விகளாக மாற்றி ஒரே தாளில் அச்சிட்டுவிட்டால், உரை ஒவ்வொரு பாடத்துக்கும் பயன்படும்.

அதைச் செய்யும் முறையை ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். உரை, 'பின்னோக்கி வடிவமைத்தல்' பற்றிய, அதாவது பாடத்தின் முடிவை முதலில் தீர்மானித்து அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது பற்றிய 60 நிமிடப் பேச்சு. சோதனைப் பாடம், ஆறாம் வகுப்புக் கணக்கில் வேற்றினப் பின்னங்களின் கூட்டல், 40 நிமிட வகுப்பு. கடைசியில் கையில் கிடைப்பது ஒரு ஏ4 தாள்: முன்பக்கம் எட்டு தூண்டு கேள்விகள், பின்பக்கம் ஒரு நேரப் பட்டி.

1. உரையைப் பிடித்து வைத்தல்

கருத்தாளரிடம் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். போனை முதல் வரிசை மேசையில், ஒரு கைக்குட்டை மேல் வையுங்கள். மேசை அதிர்வும் மின்விசிறி இரைச்சலும் பாதி குறையும். ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கலாம், ஆனால் அவற்றை நம்பி உட்கார வேண்டாம். ஸ்லைடில் இருப்பவை தலைப்புகள். நமக்குத் தேவையானது, இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே அவர் பேச்சு வழக்கில் சொல்லிக்கொண்டு போவது.

வீட்டில் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுதக் கூடாது, எழுதினால் மறுபடியும் ஐந்து பக்கக் குறிப்புதான் மிஞ்சும். பேச்சில் சில சொற்கள் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, நிமிடத்தையும் வாக்கியத்தையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். "முதல்ல", "அதுக்கு முன்னாடி", "இதுவா அதுவான்னு பாருங்க" ஆகியவை வந்தால் அங்கே ஒரு முடிவு இருக்கிறது. "பெரும்பாலும் நாம என்ன பண்றோம்னா" என்று தொடங்கினால் அடுத்து வருவது ஒரு தவறு பற்றிய எச்சரிக்கை. இந்த எச்சரிக்கைகளில்தான் நல்ல கேள்விகள் பிறக்கும். ஸ்லைடில் இவை அநேகமாக இருப்பதில்லை.

2. வாக்கியங்களைப் பிரித்தல்

எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். ஆசிரியர் வகுப்புக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு என்றால் 'மு'. அந்த முடிவுக்கான காரணம் என்றால் 'கா'. எடுத்துக்காட்டு என்றால் 'எ'. வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் நடந்துகொள்ள வேண்டிய விதம் என்றால் 'ந'. மாதிரிக்குச் சில:

- 08:10 – "செயல்பாட்டை முதல்ல யோசிக்காதீங்க. பீரியட் முடியறப்போ பிள்ளை என்ன செஞ்சு காட்டணும்னு முடிவு பண்ணுங்க." → மு
- 14:30 – "அமெரிக்கக் கல்வியாளருங்க விக்கின்ஸ், மக்டை ரெண்டு பேரும் 1998-ல இந்த முறையை விரிவா எழுதினாங்க. முடிவு, அதுக்கான சான்று, அப்புறம்தான் கற்பிக்கும் திட்டம்." → கா
- 22:45 – "பிள்ளைங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னு நமக்கு நல்லாத் தெரியும். ஆனா குறிப்புல எழுதறதே இல்ல." → மு
- 31:00 – "கேள்வி கேட்டுட்டு மூணு நொடியாவது காத்திருங்க." → ந
- 44:20 – "பெரும்பாலும் நாம மதிப்பீட்டை மணி அடிக்கும்போதுதான் ஆரம்பிக்கிறோம்." → மு

வார்ப்புருவுக்குள் போக வேண்டியவை 'மு' வாக்கியங்கள் மட்டுமே. 'கா' வாக்கியங்களைத் தனித்தாளில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "இந்தக் கேள்வி எதற்கு?" என்று கேட்டால் பதில் அங்கே இருக்கும்.

'ந' வாக்கியங்கள்தான் ஏமாற்றுபவை. மேலே உள்ள மூன்று நொடி விஷயம் உண்மையிலேயே வலுவானது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடை நீள்கிறது, "தெரியாது" குறைகிறது என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அதனால் அதையும் ஒரு கட்டமாகப் போடத் தோன்றும்: 'எத்தனை நொடி காத்திருப்பேன்?' எல்லோரும் '3' என்று எழுதுவார்கள், ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். அது பழக்கம், முடிவு அல்ல. சக ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் நாளுக்கான உற்றுநோக்கல் சீட்டில் அதைச் சேருங்கள். வார்ப்புருவில் 'ந' வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம்.

3. எந்த வரிசையில் கேட்பது

இங்கே மூன்று வரிசைகள் ஒன்றோடொன்று மோதும். கருத்தாளர் பேசிய வரிசை ஒன்று: கதையில் தொடங்கி, கோட்பாட்டுக்குப் போய், நடுவில் வேறொன்றைத் தொட்டு, மதிப்பீட்டில் முடிந்திருப்பார். வகுப்பு நடக்கும் வரிசை இன்னொன்று: அறிமுகம், விளக்கம், செயல்பாடு, மதிப்பீடு. திட்டமிட யோசிக்க வேண்டிய வரிசை மூன்றாவது. பின்னோக்கி வடிவமைத்தல் என்பதே இந்த மூன்றாவது வரிசையைப் பற்றித்தான்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் படிவங்கள் இரண்டாவது வரிசையில் அச்சிடப்பட்டவை. பல பள்ளிகளின் பாடக்குறிப்பில் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று தலைப்புகள் வரும். வகுப்பில் என்ன நடக்கும் என்று பார்க்க வருபவருக்கு அது சரியான வரிசைதான். ஆனால் எழுதுகிறவர் மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வருவார். அறிமுகத்துக்கு அழகான ஒரு கதை, படித்தலுக்கு நான்கு வரி என்று போய், மதிப்பீட்டுக்கு வரும்போது கை வலித்து 'பக்கம் 12, பயிற்சி 1, 2' என்று முடித்துவிடுவார். அந்தப் பயிற்சி அன்றைய செயல்பாட்டோடு பொருந்துகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முன்பக்கத்தை யோசிக்கும் வரிசையிலும் பின்பக்கத்தை வகுப்பு வரிசையிலும் அமையுங்கள். முன்பக்கம் முதல் கேள்வியே கடைசி 5 நிமிடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். முதல் முறை நிரப்புகிறவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். மாற்ற வேண்டாம்.

4. கூற்றைக் கேள்வியாக மாற்றுதல்

வேலையின் கடினமான பகுதி இதுதான். 08:10-இல் வந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அவசரமாக மாற்றினால் 'கற்றல் விளைவு: ______' என்று ஒரு கட்டம் வரும். அதில் ஆசிரியர் எழுதுவது 'மாணவர்கள் வேற்றினப் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்.' பாடநூலிலிருந்து அப்படியே எடுத்த வரி. எழுதும்போது ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை.

அடுத்த முயற்சி: 'பாட முடிவில் மாணவர் எதைச் செய்து காட்டுவார்?' பரவாயில்லை, ஆனால் 'பின்னங்களைக் கூட்டுவார்' என்று எழுதித் தப்பிக்கலாம். மூன்றாவது முயற்சி: 'கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு மாணவரும் தனியாகத் தாளில் செய்யும் ஒரே வேலை எது? அந்தக் கணக்கையோ வாக்கியத்தையோ அப்படியே எழுதுக.' இதற்கு மழுப்பலாகப் பதில் எழுத முடியாது. எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவதில் சேர்ந்தவை இரண்டு: சூழல் (யார், எப்போது, எவ்வளவு நேரம்), விடையின் வடிவம் (அப்படியே எழுதுக). எந்தக் கூற்றை மாற்றும்போதும் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சோதனை. வகுப்பையே பார்க்காத ஒருவர் பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் கேள்வி இன்னும் தலைப்பாகத்தான் இருக்கிறது.

'ஆம்/இல்லை' கேள்விகளும் இதே சோதனையில் விழும். 'முன்னறிவைச் சோதித்தீர்களா?' என்றால் 'ஆம்' என்று ஒரு டிக். 'முன்னறிவை எந்த ஒரு கேள்வியால் சோதிப்பீர்கள்? பாதி வகுப்புக்குத் தெரியவில்லை என்றால் இன்று எதை விட்டுவிடுவீர்கள்?' என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இரண்டாவது பாதி முக்கியம், ஏனென்றால் சோதித்துவிட்டு, தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டு, அப்படியே பாடத்தைத் தொடர்வதுதான் நம் வகுப்புகளில் அதிகம் நடக்கிறது.

5. எட்டு கேள்விகள்

உரையிலிருந்து எடுத்த 'மு' வாக்கியங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒத்தவற்றைச் சேர்த்தால் இந்த அளவுக்கு வந்து நிற்கும்:

1. கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொரு மாணவரும் தனியாக ஒரு சீட்டில் செய்யும் ஒரே வேலை எது? அப்படியே எழுதுக.
2. அதற்குச் சரியான விடை எது? மாணவர் தவறாக எழுதக்கூடிய இரண்டு விடைகள் எவை? விடைகளையே எழுதுக.
3. அந்த ஒவ்வொரு தவறான விடையையும் மாணவர் ஏன் சரி என்று நினைக்கிறார்? அவர் சொல்வது போலவே எழுதுக.
4. இன்றைய பாடத்துக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று எது? எந்த ஒரு கேள்வியால் சோதிப்பேன்? பாதிப் பேருக்குத் தெரியாவிட்டால் இன்று எதை விடுவேன்?
5. தவறான விடை பொருந்தாது என்று மாணவர் தாமே காண எதைக் காட்டுவேன், என்ன கேட்பேன்?
6. மாணவர் தம் கையால் செய்யும் முக்கியச் செயல் எது? அதைச் செய்தவருக்கு 1-இல் உள்ள வேலை எந்த வகையில் எளிதாகும்?
7. 10 நிமிடம் குறைந்துபோனால் எதை வெட்டுவேன்? (கடைசி 5 நிமிடத்தை வெட்டக் கூடாது.)
8. வகுப்புக்குப் பின்: எந்த விடையில் எத்தனை சீட்டுகள்? நாளைய முதல் 10 நிமிடம் யாருக்கு, எதற்கு?

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இரண்டு கோடுகள், 2-க்கும் 5-க்கும் மட்டும் மூன்று. இடம் அதிகம் விட்டால் அதிகம் எழுதுவார்கள், சரியாக எழுதுவார்கள் என்று சொல்ல முடியாது. பின்பக்க நேரப் பட்டியில் மூன்று பத்திகள்: நிமிடம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது. மூன்றாவது பத்தி மற்ற இரண்டையும் விட அகலமாக இருக்கட்டும். 'கவனிப்பர்' என்று அதில் தொடர்ந்து இரண்டு வரி வந்தால், அந்த வகுப்பு எப்படிப் போகும் என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

6. ஒரு பாடத்துக்கு நிரப்பிப் பார்த்தல்

வேற்றினப் பின்னங்களின் கூட்டல். முதல் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டென்று மனதில் வருவது 1/2 + 1/3. ஆனால் கடைசி வேலைக்கு அது நல்ல தேர்வு இல்லை. 2-க்கும் 3-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6, இரண்டையும் பெருக்கினாலும் 6. பொது மடங்கு கண்டவரும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியவரும் ஒரே 5/6-ஐ எழுதுவார்கள், நமக்கு வேறுபாடு தெரியாது. 1/4 + 1/6 கொடுத்தால் ஒவ்வொரு வழியும் வெவ்வேறு விடையில் போய் நிற்கும்.

இதை இரண்டாம், மூன்றாம் கேள்விகளில் விரித்தால் இப்படி வரும். சரியான விடை 5/12. 2/10 எழுதியவர், "மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டினேன்" என்பார். 2/12 எழுதியவர், "பகுதியை 12 ஆக்கினேன், தொகுதிகளைக் கூட்டினேன்" என்பார். பகுதியை மாற்றும்போது தொகுதியும் மாற வேண்டும் என்பது அவருக்கு விட்டுப்போனது. 10/24 எழுதியவர் பகுதிகளைப் பெருக்கியிருக்கிறார், அவர் விடை சரிதான், சுருக்க வேண்டியதுதான் மிச்சம். அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டால், புரிந்த பிள்ளைக்குப் புரியவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும்.

நான்காவது கேள்விக்கு: தெரிந்திருக்க வேண்டியது சமான பின்னம். சோதிக்கும் கேள்வி, 1/2 = ?/6. பாதிப் பேர் தடுமாறினால் இன்று சுருக்குதலை விட்டுவிட்டு, 5/12-ஐயும் 10/24-ஐயும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்வது.

ஐந்தாவதுதான் பாடத்தின் இதயம். "அப்படிக் கூட்டக் கூடாது" என்று சொன்னால் பிள்ளை கேட்டுக்கொள்ளும், வீட்டுக்குப் போய் மறுபடியும் அப்படியே கூட்டும். அதற்குப் பதில், வகுப்பைத் தொடங்கும்போது 1/2 + 1/3-ஐக் கரும்பலகையில் எழுதி, விடையை ஊகிக்கச் சொல்லலாம். 2/5 என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். கட்டம் போட்ட நோட்டில் 10 கட்டம் கொண்ட பட்டை வரைந்து 2/5-க்கு நிழலிடச் சொன்னால் 4 கட்டம் வரும். அரைப் பங்கு 5 கட்டம். "அரைப் பங்கோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். எப்படி அரையை விடக் குறைஞ்சது?" இந்த ஒரு கேள்விக்குப் பின் வகுப்பு தானாகப் பேசத் தொடங்கும். 2/12 எழுதுபவருக்கும் இதே வகையில் ஒன்று இருக்கிறது: 2/12 என்பது 1/6 தான். "1/6 இருந்தது. அதோட 1/4 சேர்த்தோம். இன்னமும் 1/6 தானா?"

ஆறாவது கேள்வியின் செயல், 12 கட்டப் பட்டை. 1/3-க்கு 4 கட்டம் ஒரு வகைக் கோடு, 1/4-க்கு 3 கட்டம் வேறு வகைக் கோடு. எண்ணினால் 7, மொத்தம் 12. பொதுவான பகுதி எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்தப் பட்டையில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது: இரண்டு பின்னங்களையும் ஒரே அளவுக் கட்டங்களால் அளக்க. கடைசி வேலையில் வரும் அதே கணக்கைச் செயல்பாட்டிலும் கொடுக்கக் கூடாது. வகுப்பில் 1/3 + 1/4 வரைய வைத்து, 1/4 + 1/6-ஐச் சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சீட்டு நினைவாற்றலைத்தான் அளக்கும்.

பின்பக்க நேரம்: சமான பின்னச் சோதனை 3 நிமிடம், ஊகமும் விவாதமும் 5, பட்டை வரைதல் 12, எண்ணால் எழுதுதல் 10, சும்மா விடப்பட்ட இடைவெளி 5, சீட்டு 5. ஆக 40. இடைவெளி 5 நிமிடத்தை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் தோன்றும். அரையாண்டுத் தேர்வுக் கட்டணம் வசூலிக்க யாராவது வகுப்புக்குள் வரும் நாளில் அதன் அருமை தெரியும். ஏழாவது கேள்வியின் விடை, எண்ணால் எழுதும் 10 நிமிடத்தில் இரண்டாவது கணக்கும் இந்த இடைவெளியும்.

எட்டாவது கேள்வியை மாலையில் நிரப்ப வேண்டும். 32 சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம்: 5/12-இல் 15, 10/24-இல் 5, 2/12-இல் 8, 2/10-இல் 4. விடை வாரியாக நான்கு கட்டாகப் பிரித்தால் போதும், மதிப்பெண் தேவையில்லை. நாளைய முதல் 10 நிமிடம் 2/12 எழுதிய எட்டுப் பேருக்கு: பட்டையைக் காட்டி "1/4-க்கு எத்தனை கட்டம்?" என்று கேட்க வேண்டும். 2/10 எழுதிய நால்வரும் அதே குழுவில் உட்காரலாம். 10/24 எழுதிய ஐவருக்குச் சுருக்குதலை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

7. வேறு பாடத்தில் உடைகிறதா என்று பார்த்தல்

கணக்குக்கு நன்றாகப் பொருந்தும் வார்ப்புரு தமிழ் வகுப்பில் நொறுங்கலாம். மறுபயன்பாடு என்ற சொல்லுக்கே அங்கேதான் சோதனை. வல்லினம் மிகும் இடங்களை எடுத்துப் பார்ப்போம். 'படித்துச் சென்றான்' என்று கற்ற மாணவர் 'வந்துச் சென்றான்' என்றும் எழுதுவார். "வினையெச்சம்னா வல்லினம் மிகும்" என்பது அவர் மனதில் உள்ள விதி. வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் 'படித்து', 'கேட்டு' ஆகியவற்றின் பின் மிகும், மென்தொடரில் முடியும் 'வந்து', 'நின்று' ஆகியவற்றின் பின் மிகாது. ஆகக் கடைசி வேலையில் இரண்டு வகையும் கலந்து வர வேண்டும், இல்லாவிட்டால் தவறான விதியோடு இருப்பவரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். கேள்விகள் 1, 2, 3 இங்கே அப்படியே வேலை செய்கின்றன.

கவிதை நயம் பாராட்டலில் இரண்டாவது கேள்வி உடையும், ஏனென்றால் ஒரே சரியான விடை என்று ஒன்று இல்லை. அதற்காகக் கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகத் தளர்த்திவிடாதீர்கள், தளர்த்தினால் கணக்கில் அது பயனற்றுப் போகும். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு மாற்று வரி போதும்: 'ஒரே விடை இல்லாத வேலை என்றால்: ஏற்கத்தக்க விடை ஒன்றையும் மேலோட்டமான விடை ஒன்றையும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதுக.' "கவிதை மிக அழகாக உள்ளது" என்பது மேலோட்டமானது. எந்தச் சொல், ஏன் அழகு என்று சொன்னால் ஏற்கத்தக்கது.

சில இடங்களுக்கு இந்தத் தாள் வேண்டாம். அறிவியல் ஆய்வகச் செய்முறைக்கு வேறு தாள் தேவை, அங்கே பாதுகாப்பும் பொருள் பட்டியலும் முன்னுக்கு வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய திருப்புதல் வகுப்புக்கும் இது பொருந்தாது.

8. மற்றவர் கையில் கொடுத்தல்

மூன்று பேரிடம் கொடுங்கள்: உரையைக் கேட்ட ஒருவர், கேட்காத ஒருவர், வேறு பாட ஆசிரியர் ஒருவர். விளக்கம் சொல்லாதீர்கள். அருகில் உட்கார்ந்து பேனா எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். உரையைக் கேட்காதவர் "இதுக்கு என்ன எழுதணும்?" என்று கேட்கும் இடத்தில் கேள்வியின் சொற்கள் பிழை, அவர் அல்ல. 'உருவாக்க மதிப்பீடு', 'உயர்நிலைச் சிந்தனை' போன்ற பயிற்சிச் சொற்கள் கேள்விக்குள் நுழைந்துவிட்டால் பேனா அங்கேதான் நிற்கும்.

இன்னொரு அறிகுறி சற்றுத் தாமதமாகத் தெரியும். ஒரே ஆசிரியர் எழுதிய ஐந்து தாள்களை வரிசையாக வையுங்கள். ஏதாவது ஒரு கேள்விக்கு ஐந்திலும் ஏறக்குறைய ஒரே விடை என்றால் அந்தக் கேள்வி செத்துவிட்டது. 'மின்னட்டை காட்டுவேன்' என்று ஐந்து தாளிலும் வந்தால் 5-ஆம் கேள்வியைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பழையது ஒன்றை எடுங்கள். எட்டு பன்னிரண்டாகும்போது ஆசிரியர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் நிரப்புவார்கள்.

நிரப்பிய மாதிரித் தாளை வார்ப்புருவோடு சேர்த்து அனுப்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மாதிரி அதே வகுப்பு, அதே பாடமாக இருந்தால் அப்படியே நகல் எடுக்கப்படும். ஆறாம் வகுப்புக் கணக்காசிரியர்களுக்குத் தமிழ் மாதிரியையும், தமிழாசிரியர்களுக்குப் பின்னக் கணக்கு மாதிரியையும் கொடுங்கள்.

9. பதிவேடும் கோப்பும்

பள்ளி கேட்கும் பாடக்குறிப்புப் படிவத்துக்கு இது மாற்று இல்லை. இரண்டு முறை எழுத யாருக்கும் நேரமும் இல்லை. எனவே எந்த விடை எந்தத் தலைப்புக்குப் போகும் என்று தாளின் ஓரத்தில் அச்சிட்டுவிடுங்கள்: 4 → அறிமுகம், 5, 6 → வலுவூட்டல், 1, 2 → மதிப்பீடு, 8 → குறைதீர் கற்றல். வழக்கமான படிவத்தில் வெறும் சடங்காக நிரப்பப்படும் குறைதீர் கற்றலுக்கு, முந்தைய நாள் சீட்டிலிருந்து உண்மையான எண்ணிக்கை வந்துவிடும்.

கணினியில் தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய வானவில், பாமினி போன்றவற்றில் அடித்த கோப்பு, வாட்ஸ்அப்பில் வாங்கியவர் போனில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் திறக்கும். பிடிஎஃப் அனுப்பினால் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. கூகுள் டாக்ஸில் வைத்துப் பகிர்ந்தால், எல்லோரும் மூலக் கோப்பிலேயே எழுதிவிடாமல் இருக்க இணைப்பின் இறுதியை மாற்றுங்கள். `/edit` என்று தொடங்கும் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு `/copy` என்று போட்டால், திறக்கிறவருக்குத் தனி நகல் எடுக்கும் பக்கம் வரும்:

```
https://docs.google.com/document/d/<கோப்பு-எண்>/copy
```

பகிர்வு அனுமதியைப் பார்வையாளர் என்று வைத்தால் போதும்.

தாளின் அடியில் சிறிதாகப் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். நிரப்பிய தாள்களைப் பாடவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பின்னப் பாடம் வரும்போது 2-ஆம் கேள்வியை யோசித்து நிரப்ப வேண்டியதில்லை. போன ஆண்டின் 8-ஆம் கேள்வியைத் திறந்தால் 2/12 எட்டுப் பேர், 2/10 நான்கு பேர் என்று இருக்கும். அந்த இரண்டு விடைகளையும் அப்படியே மேலே எழுதிக்கொண்டு நேராக ஐந்தாவது கேள்விக்குப் போய்விடலாம்.